வேலந்தாவளத்துக்கு இந்தப் பக்கம் 35, அந்தப் பக்கம் 40: மதிப்பெண்ணை வெளிநாட்டு ஜிபிஏ ஆக்கும் கணக்கு

வேலந்தாவளம் சோதனைச் சாவடியைத் தாண்டினால் கோவை மாவட்டம். எங்கள் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துப் பிள்ளைகளில் பலர் பத்தாம் வகுப்பைக் கேரளப் பாடத்திட்டத்தில் தமிழ்வழியில் படிக்கிறார்கள். பட்டப்படிப்பு என்று வரும்போது சிலர் சித்தூர், பாலக்காடு என்று இந்தப் பக்கமே தங்கிவிடுகிறார்கள். சிலர் காலை பஸ் ஏறிக் கோவைக்குப் போகிறார்கள். ஒரே தெருவில் வளர்ந்தவர்களின் சான்றிதழ்கள் இப்படித்தான் இரண்டு மாநிலத்துக் காகிதங்களாகப் பிரிகின்றன.

எங்கள் வீட்டிலேயே இது நடந்தது. என் அக்காள் மகள் காலிக்கட் பல்கலைக்கழகத்தின் கீழுள்ள கல்லூரியில் இளநிலை அறிவியல் முடித்தாள். என் தம்பி மகன் பாரதியார் பல்கலைக்கழகத்தின் கீழுள்ள கோவைக் கல்லூரியில் அதே பாடம் முடித்தான். இருவருக்கும் மொத்த மதிப்பெண் 67.6 சதவீதம். இருவரும் ஜெர்மனியில் முதுநிலைக்கு விண்ணப்பித்தார்கள். அவள் தகுதி வரம்புக்குள் வந்தாள், அவன் வரவில்லை. கல்லூரித் தேர்வுப் பிரிவில் வருடக்கணக்காகக் குமாஸ்தாவாக இருந்தவன் நான். எனக்கே முதலில் இது பிடிபடவில்லை. அவர்களுக்காக உட்கார்ந்து கற்றுக்கொண்டதைத்தான், முதன்முறையாக விண்ணப்பிக்கிறவர்களுக்குப் பயன்படும் வரிசையில் இங்கே எழுதுகிறேன்.

மாற்றுவது யார் வேலை?

விண்ணப்பப் படிவத்தைத் திறந்ததும் எல்லோரும் செய்யும் முதல் தவறு, சதவீதத்தை 25ஆல் வகுத்து வரும் எண்ணை ஜிபிஏ என்று எழுதிவிடுவது. 100ஐ 4 ஆக்க வேண்டும், ஆகவே 25ஆல் வகுத்தால் போதும் என்ற நினைப்பு. 67.6ஐ அப்படி வகுத்தால் 2.70 வரும். அமெரிக்க முதுநிலைப் படிப்புகள் பலவற்றில் கேட்கப்படும் குறைந்தபட்ச ஜிபிஏ 3.0. அதாவது, நம் ஊரில் முதல் வகுப்பில் தேறிய ஒரு மாணவி, யாரும் கேட்காமலேயே தன்னைத் தகுதியற்றவள் என்று எழுதிக் கொடுத்துவிடுகிறாள்.

ஆகவே கணக்கைத் தொடங்குவதற்கு முன் படிவத்தின் வாசகத்தைப் படிக்க வேண்டும். பெரும்பாலான படிவங்கள் இரண்டு கட்டங்கள் வைத்திருக்கும்: ஒன்றில் உங்கள் மதிப்பெண், மற்றொன்றில் அது எத்தனைக்கு என்பது. `GPA` என்ற கட்டத்துக்குப் பக்கத்திலேயே `Scale` என்று இருந்தால், உங்கள் மதிப்பெண் பட்டியலில் அச்சாகியிருப்பதை அப்படியே எழுதுங்கள்: 67.6, அடுத்த கட்டத்தில் 100. சிஜிபிஏ அச்சாகியிருந்தால் அதை எழுதி, அடுத்ததில் 10. `Do not convert` என்று சில படிவங்கள் வெளிப்படையாகவே சொல்லும். அதைப் படிக்காமல் மாற்றி எழுதினால், நீங்கள் எழுதிய எண்ணுக்கும் இணைத்த காகிதத்துக்கும் பொருத்தம் இல்லை என்று கேள்வி வரும்.

அப்படியானால் நாமே கணக்குப் போடுவது எதற்கு? எந்த இடத்துக்கு விண்ணப்பித்தால் பயன் உண்டு, எங்கே கட்டணம் வீண் என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ள. அந்த எண் உங்கள் நோட்டுப் புத்தகத்தில் இருக்க வேண்டியது. படிவத்தில் போகிற எண் காகிதத்தில் அச்சான எண். இந்த இரண்டையும் குழப்பாமல் இருந்தால் பாதி வேலை முடிந்தது.

மதிப்பெண் பட்டியலைத் திருப்பிப் பாருங்கள்

ஜெர்மனியை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் அங்கே கணக்கு திறந்த புத்தகம். அங்கு மதிப்பெண் தலைகீழ்: 1.0 தான் மிகச் சிறந்தது, 4.0 என்பது தேர்ச்சியின் கடைசிப் படி. வெளிநாட்டு மதிப்பெண்ணை இந்த அளவுக்குக் கொண்டுவர அவர்கள் பரவலாகப் பயன்படுத்துவது திருத்தப்பட்ட பவேரியச் சூத்திரம்.

```
x = 1 + 3 × (Nmax − Nd) / (Nmax − Nmin)
```

`Nmax` என்பது பெறக்கூடிய அதிகபட்ச மதிப்பெண். `Nd` நீங்கள் பெற்றது. `Nmin` தேர்ச்சிக்குத் தேவையான குறைந்தபட்ச மதிப்பெண். எல்லோரும் முதல் இரண்டை மட்டும் கவனிக்கிறார்கள்; கணக்கின் கழுத்து இருப்பது மூன்றாவதில்.

சூத்திரம் சொல்வது இதுதான்: தேர்ச்சி மதிப்பெண் முதல் முழு மதிப்பெண் வரை ஒரு கோடு போடு, உச்சியிலிருந்து மாணவர் எவ்வளவு கீழே இருக்கிறார் என்று அந்தக் கோட்டின் மேல் அள. தேர்ச்சி மதிப்பெண் தாழ்வாக இருந்தால் கோடு நீளம், அதில் 67.6 மேல்பாதிக்குள் வந்துவிடும். தேர்ச்சி மதிப்பெண் உயர்ந்தால் கோடு குட்டையாகும், அதே 67.6 அடிப்பக்கம் நெருங்கிவிடும்.

அக்காள் மகளின் பாடத்திட்டத்தில் தேர்ச்சி 35 சதவீதம். 100இலிருந்து 67.6ஐக் கழித்தால் 32.4. 100இலிருந்து 35ஐக் கழித்தால் 65. 32.4ஐ 65ஆல் வகுத்து, 3ஆல் பெருக்கி, 1ஐக் கூட்டினால் 2.495.

தம்பி மகனின் பல்கலைக்கழகத்தில் இளநிலைத் தேர்ச்சி 40 சதவீதம். மேலே அதே 32.4, கீழே 60. விடை 2.62.

பொதுவாக இரண்டாவது தசம இடத்திலிருந்து வெட்டிவிடுவார்கள், மேலே ஏற்ற மாட்டார்கள். ஆக அவளுக்கு 2.4, அவனுக்கு 2.6. இருவரும் விண்ணப்பித்த படிப்பின் வரம்பு 2.5.

தம்பி மகன் இதைக் கேட்டதும், “பெரியப்பா, பஸ்ஸில் முக்கால் மணி நேரம் போய்ப் படித்ததற்கு இதுதான் பலனா?” என்றான். எனக்கும் பதில் இல்லை. சோதனைச் சாவடியில் கேரளப் பக்கம் கோழி வண்டியை நிறுத்துவார்கள், தமிழ்நாட்டுப் பக்கம் மணல் வண்டியை நிறுத்துவார்கள். தேர்ச்சி மதிப்பெண்ணையும் யாரோ அங்கே எடைபோட்டு அனுப்புகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

இதில் இன்னொரு பயம் உண்டு. தேர்ச்சி மதிப்பெண் எவ்வளவு என்று காகிதத்தில் தெரியாவிட்டால், மதிப்பிடுகிற அலுவலர் தமக்குப் பழக்கமான ஓர் எண்ணை வைத்துக்கொள்ளக்கூடும். அது 50ஆக இருந்தால், அதே 67.6க்கு விடை 2.94. ஒரே மதிப்பெண், ஒரே சூத்திரம், 2.4க்கும் 2.9க்கும் இடையில் எங்கே நிற்பீர்கள் என்பதை ஒரு வரி அச்சு முடிவு செய்கிறது.

அந்த வரி பெரும்பாலும் மதிப்பெண் பட்டியலின் பின்புறத்தில் பொடி எழுத்தில் இருக்கும். ஸ்கேன் செய்கிற கடையில் முன்பக்கத்தை மட்டும் எடுத்துக் கொடுப்பார்கள். பின்பக்கத்தையும் எடுக்கச் சொல்லுங்கள். முதல் படி என்று நான் எல்லோரிடமும் சொல்வது இதைத்தான்.

பின்பக்கத்தைப் படிக்கும்போது இரண்டு வகைத் தேர்ச்சி வரம்புகள் கண்ணில் படலாம். பல்கலைக்கழகத் தேர்வில் மட்டும் எடுக்க வேண்டிய குறைந்தபட்சம் ஒன்று. அகமதிப்பீட்டையும் சேர்த்த மொத்தத்தில் எடுக்க வேண்டியது இன்னொன்று. 75க்கு நடக்கும் தேர்வில் 30 என்று இருப்பது முதல் வகை. சூத்திரத்துக்குப் போக வேண்டியது இரண்டாவது, ஏனென்றால் உங்கள் 67.6ம் மொத்தத்தில் கணக்கிட்டதுதான்.

பகுதி மூன்றில் விழுந்த குழி

தம்பி மகன் தனக்கு 2.3 வரும் என்று நம்பித்தான் விண்ணப்பித்தான். அது எப்படி என்று சொல்ல வேண்டும், ஏனென்றால் தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்களில் படித்தவர்கள் பலர் விழும் குழி இது.

அங்கே இளநிலை மதிப்பெண்கள் பகுதிகளாகப் பிரிந்திருக்கும். பகுதி ஒன்று தமிழ் அல்லது வேறு மொழி. பகுதி இரண்டு ஆங்கிலம். பகுதி மூன்று முதன்மைப் பாடமும் துணைப்பாடங்களும். அதன்பின் சில சிறு தாள்கள். வகுப்பும் சதவீதமும் பகுதிவாரியாகக் கொடுக்கப்படும். உள்ளூரில் எம்.எஸ்சி. சேர்க்கைக்குப் பெரும்பாலும் பகுதி மூன்றைத்தான் பார்ப்பார்கள். அந்தப் பழக்கத்தில் அவன் பகுதி மூன்றின் சதவீதத்தையே படிவத்தில் எழுதிவிட்டான்.

அவனுடைய எண்கள் இவை. பகுதி மூன்றில் 2400க்கு 1742, அதாவது 72.6 சதவீதம். தமிழும் ஆங்கிலமும் சேர்ந்து 800க்கு 442. மற்ற தாள்கள் 300க்கு 182. பகுதி மூன்றை மட்டும் வைத்தால் சூத்திரம் 2.37 தரும். எல்லாவற்றையும் கூட்டினால் 3500க்கு 2366, அது 67.6 சதவீதம், 2.62.

ஜெர்மன் பல்கலைக்கழகத்தின் சேர்க்கை அலுவலகம் பட்டியலில் உள்ள எல்லாத் தாள்களையும் கூட்டிப் பார்த்தது. பிறகு மரியாதையாக ஒரு மின்னஞ்சல்: படிவத்தில் உள்ள எண் எங்கிருந்து வந்தது என்று விளக்கவும். விளக்கினோம். மொத்தப் பட்டத்தின் மதிப்பெண்ணே கணக்கு என்று பதில் வந்தது. தமிழ்த் தாள்களில் அவன் எடுத்த மதிப்பெண்ணை இங்கே எழுதினால் கோபித்துக்கொள்வான். ஆண்டு மலரில் கவிதை எழுதுகிற பையன்.

ஆகவே இரண்டாவது படி: படிவம் தனியாகப் பகுதி மூன்றைக் கேட்டால் ஒழிய, எல்லாத் தாள்களையும் சேர்த்த எண்ணையே எடுங்கள். தாள்களுக்குக் கிரெடிட் வேறுபட்டால், ஒவ்வொரு தாளின் சதவீதத்தையும் அதன் கிரெடிட்டால் பெருக்கி, கூட்டி, மொத்தக் கிரெடிட்டால் வகுக்க வேண்டும். கேரளப் பக்கத்தில் பொதுப் பாடம், முதன்மைப் பாடம், துணைப் பாடம் எல்லாம் சேர்ந்த ஒரே சிஜிபிஏ அச்சாகி வருவதால், அக்காள் மகளுக்கு இந்தத் தலைவலி இல்லை.

அலுவலகக் கடிதம் வாங்குவது

பின்பக்கத்தில் தேர்ச்சி வரம்பு தெளிவாக இல்லாதபோது, பல்கலைக்கழகத்தின் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலரிடமிருந்து ஒரு கடிதம் வாங்க வேண்டும். “சதவீத மாற்றுச் சான்று வேண்டும்” என்று மட்டும் எழுதிக் கொடுத்தால், சிஜிபிஏ 6.76, சதவீதம் 67.6 என்ற ஒரு வரியோடு ஒரு காகிதம் கிடைக்கும். ஜெர்மன் கணக்குக்கு அது பாதிதான் உதவும். விண்ணப்பத்தில் நான்கு விஷயங்களைக் கேளுங்கள்: அதிகபட்ச மதிப்பெண், மொத்தத்தில் தேர்ச்சிக்கான குறைந்தபட்ச மதிப்பெண், நீங்கள் பெற்ற மொத்தம், எந்த ஆண்டு விதிமுறைப்படி இது பொருந்தும் என்பது.

கடைசியாகச் சொன்னது முக்கியம். விதிமுறை மாறும்போது தரப்புள்ளி அட்டவணையும் மாறும். இன்று பல்கலைக்கழக இணையதளத்தில் இருப்பது உங்களுக்குப் பின் சேர்ந்தவர்களுடைய விதியாக இருக்கலாம்.

கல்லூரி முதல்வர் கையெழுத்துப் போட்ட கடிதம் சுலபமாகக் கிடைக்கும். ஆனால் பட்டம் தருவது பல்கலைக்கழகம் என்பதால் சில இடங்களில் அதை ஏற்க மாட்டார்கள். தன்னாட்சிக் கல்லூரி என்றால் அங்கேயே தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர் இருப்பார், அவர் கடிதம் செல்லும். எங்கள் ஊரிலிருந்து கோவைக்குப் போவது அரை நாள் வேலை. காலிக்கட் பல்கலைக்கழகம் இருக்கும் தேஞ்ஞிப்பலம் போய்வர ஒரு முழு நாளைக் கணக்கில் வையுங்கள். ஆன்லைனில் விண்ணப்பிக்க வழியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

சில ஜெர்மன் பல்கலைக்கழகங்கள் தாங்களே கணக்குப் போடுவதில்லை. யூனி-அசிஸ்ட் என்ற பொது மையத்துக்குக் காகிதங்களை அனுப்பச் சொல்லி, அங்கே கிடைக்கும் `VPD` என்ற முன்சோதனை ஆவணத்தை இணைக்கச் சொல்வார்கள். ஜெர்மன் அளவில் உங்கள் மதிப்பெண் அதில் அச்சாகி வரும். அதன்பின் நம் நோட்டுப் புத்தகக் கணக்குக்கு மதிப்பில்லை. ஆகவே பின்பக்க ஸ்கேனும் கடிதமும் யூனி-அசிஸ்டுக்குப் போகும் கட்டிலேயே இருக்க வேண்டும். பல்கலைக்கழகத்துக்குப் பிறகு அனுப்பிக்கொள்ளலாம் என்று வைத்திருக்கக் கூடாது.

சிஜிபிஏ இருந்தால் இன்னொரு கண்ணி

பொறியியல் படித்தவர்களுக்குச் சதவீதமே இருக்காது, 10க்கு ஒரு சிஜிபிஏ மட்டும் இருக்கும். அதை அப்படியே சூத்திரத்தில் போடலாம்: `Nmax` 10, `Nd` உங்கள் சிஜிபிஏ. `Nmin` என்ன? இங்கேதான் பலர் சதவீதத் தேர்ச்சியை எடுத்து 10ஆல் வகுத்துவிடுகிறார்கள்.

அண்ணா பல்கலைக்கழகத்தின் 2017 விதிமுறையை எடுத்துக்கொள்வோம். தேர்ச்சி 50 மதிப்பெண். ஆனால் 50 முதல் 60 வரை எடுத்தவருக்கு அந்த விதிமுறை தரும் தரப்புள்ளி 6. அதற்குக் கீழே தேர்ச்சிப் புள்ளியே கிடையாது. சிஜிபிஏ 7.5 வாங்கிய ஒருவர் `Nmin` 5 என்று வைத்தால் விடை 2.5. தரப்புள்ளி அட்டவணைப்படி 6 என்று வைத்தால் 2.875. முதல் கணக்கை நம்பி விண்ணப்பித்தவருக்கு இரண்டாவது கணக்கு பதிலாக வந்தால் நெஞ்சடைக்கும். எந்த அளவில் `Nd` இருக்கிறதோ, மற்ற இரண்டும் அதே அளவில், அதே அட்டவணையிலிருந்து வர வேண்டும். 2021 விதிமுறையில் 5 புள்ளிக்கு ஒரு தரம் சேர்ந்துவிட்டது. அதனால்தான் எந்த விதிமுறை என்று கடிதத்தில் கேட்கச் சொன்னேன்.

9.5ஆல் பெருக்கினால் சதவீதம் வரும் என்று யாராவது சொன்னால் கேட்டுக்கொள்ளாதீர்கள். அது சி.பி.எஸ்.இ. பத்தாம் வகுப்பில் தரப்புள்ளி முறை இருந்த காலத்தில் அந்த வாரியம் தனக்காகச் சொன்ன பெருக்கல். மற்ற வாரியத்துக்கோ பல்கலைக்கழகத்துக்கோ அதை ஒட்டவைக்க முடியாது.

அமெரிக்கக் கணக்கு தாள்தாளாகப் போகும்

அமெரிக்காவில் ஒரே சூத்திரம் கிடையாது. பல பல்கலைக்கழகங்கள் உங்கள் பட்டியலை அப்படியே வாங்கித் தாங்களே படித்துக்கொள்ளும். சில, டபிள்யூ.இ.எஸ்., இ.சி.இ. போன்ற மதிப்பீட்டு நிறுவனத்தின் அறிக்கையைக் கேட்கும். எந்த நிறுவனம் என்பதைப் பல்கலைக்கழகத்தின் பக்கத்தில் பார்த்த பிறகு பணம் கட்டுங்கள். அறிக்கையிலும் இரண்டு வகை உண்டு. `Document-by-Document` என்பது உங்கள் பட்டம் அங்கே எதற்குச் சமம் என்று மட்டும் சொல்லும், ஜிபிஏ வராது. ஜிபிஏ வேண்டுமென்றால் `Course-by-Course`. விலை குறைவு என்று முதலாவதை வாங்கிவிட்டு இரண்டு முறை பணம் கட்டியவர்களை எனக்குத் தெரியும்.

அவர்கள் மொத்தச் சதவீதத்தைப் பார்ப்பதில்லை. ஒவ்வொரு தாளின் மதிப்பெண்ணையும் முதலில் ஓர் எழுத்துத் தரமாக மாற்றி, அதன் புள்ளியைக் கிரெடிட்டால் பெருக்கிச் சராசரி எடுப்பார்கள். நம் பல்கலைக்கழகங்களில் 60 என்பது முதல் வகுப்பு. 80 வாங்குவது அரிது என்பது அவர்களுக்குத் தெரியும். அதனால் பட்டப்படிப்புக்கான அட்டவணைகள் பலவற்றில் 60ம் அதற்கு மேலும் ‘ஏ’ என்று இருக்கும். ஒவ்வொரு நிறுவனத்துக்கும் அட்டவணை கொஞ்சம் வேறுபடும். புரிவதற்காக எளிதான ஒன்றை வைத்துக்கொள்வோம்: 60ம் அதற்கு மேலும் 4 புள்ளி, 50 முதல் 59 வரை 3, 40 முதல் 49 வரை 2.

ஒரு பருவத்தில் ஐந்து தாள்கள். 4 கிரெடிட் தாள்கள் மூன்றில் 82, 61, 58. 3 கிரெடிட் தாளில் 49. 2 கிரெடிட் தாளில் 74. முதல் தாள் 16 புள்ளி தரும், இரண்டாவதும் 16. மூன்றாவது 12, நான்காவது 6, ஐந்தாவது 8. கூட்டினால் 58. மொத்தக் கிரெடிட் 17. ஜிபிஏ 3.41. இதே பருவத்தின் கிரெடிட் சராசரிச் சதவீதம் 64.6, அதை 25ஆல் வகுத்திருந்தால் 2.58 வந்திருக்கும்.

இதில் கவனிக்க ஒன்று உண்டு. 82 வாங்கியதும் 61 வாங்கியதும் ஒரே 4 புள்ளிதான். ஆனால் 58, 60ஆக இருந்திருந்தால் ஜிபிஏ 3.65க்கு ஏறியிருக்கும். மொத்தச் சதவீதம் ஒன்றாக இருக்கும் இரண்டு பேருக்கு ஜிபிஏ வேறுபடுவது இதனால்தான். எல்லாத் தாளிலும் 60ஐத் தாண்டியவர், சிலவற்றில் 90ம் சிலவற்றில் 45ம் வாங்கியவரைவிட மேலே வந்துவிடுவார். இன்னும் இறுதிப் பருவத்தில் இருக்கிறவர்கள் எந்தத் தாளுக்கு உழைப்பது என்று முடிவு செய்ய இந்தக் கணக்கே போதும்.

டபிள்யூ.இ.எஸ்.சுக்குக் கட்டணம் கட்டிவிட்டு, நம் கையில் இருக்கும் மதிப்பெண் பட்டியலை நாமே அனுப்பினால் எடுபடாது. டிரான்ஸ்கிரிப்ட் பல்கலைக்கழகத்திலிருந்து நேராகப் போக வேண்டும். தரப்புள்ளி விளக்கப் பக்கமும் அதோடு சேர்ந்து போகிறதா என்று அலுவலகத்தில் நின்று கேட்டுவிட்டு வாருங்கள்.

பள்ளி மதிப்பெண்ணோடு போகிறவர்கள்

பிளஸ் டூ முடித்து நேராக இளநிலைக்கு விண்ணப்பிக்கிறவர்களுக்கும் அடிப்படை இதுவே. ஆனால் மேலே சொன்ன ‘60 என்றால் ஏ’ அட்டவணையைப் பள்ளி மதிப்பெண்ணுக்குப் போடக் கூடாது, அது பட்டப்படிப்புக்கானது. பிளஸ் டூவில் 90க்கு மேல் வாங்குகிறவர்கள் ஏராளம் என்பதும் அவர்களுக்குத் தெரியும்.

கேரள மேல்நிலைப் பட்டியலில் இரண்டு ஆண்டும் சேர்ந்து மொத்தம் 1200, தேர்ச்சி ‘டி பிளஸ்’, அதாவது 30 சதவீதம். தமிழ்நாட்டில் மொத்தம் 600, தேர்ச்சி 35. கேரளத்தில் 1038, தமிழ்நாட்டில் 519 என்றால் இரண்டும் 86.5 சதவீதம். பவேரியச் சூத்திரத்தில் முன்னது 1.58, பின்னது 1.62. வித்தியாசம் மயிரிழைதான். மதிப்பெண் உச்சிக்கு நெருங்க நெருங்கத் தேர்ச்சி வரம்பின் பிடி தளரும். அறுபதுகளில் இருக்கிறவர்களுக்குத்தான் அது இறுக்கும். அதனால் நல்ல மதிப்பெண் உள்ளவர்கள் கடிதத்துக்கு அலைவதில் நாளைச் செலவிட வேண்டியதில்லை.

அமெரிக்க இளநிலைக்கு ஒன்பதாம் வகுப்பு முதல் நான்கு ஆண்டு மதிப்பெண் கேட்பார்கள். பத்தும் பன்னிரண்டும் வாரியச் சான்றிதழாகக் கையில் இருக்கும். ஒன்பதாம் வகுப்பு மதிப்பெண் பள்ளிப் பதிவேட்டில்தான் இருக்கும். தலைமையாசிரியர் ஓய்வு பெற்று, பதிவேடு எந்த அலமாரியில் என்று தேடும் நிலை வருவதற்கு முன்பே, பள்ளியின் கடிதத்தாளில் எழுதி வாங்கிவிடுங்கள். பள்ளி ஜிபிஏ கணக்கிடுவதில்லை என்றால், படிவத்தில் நீங்களாக ஒன்றைக் கணக்கிட்டு நிரப்ப வேண்டாம். இல்லை என்று குறிக்கும் வாய்ப்பு இருந்தால் அதைத் தேர்ந்து பட்டியலை இணைத்தால் போதும்.

கடைசியாக நம் கேரள எஸ்.எஸ்.எல்.சி. அதில் மதிப்பெண் இருக்காது, எழுத்துத் தரம் மட்டும் இருக்கும். இதைப் பார்க்கிற வெளிநாட்டு அலுவலர் ‘சி பிளஸ்’ என்பதைத் தம் ஊர் வழக்கப்படி வாசித்தால் சுமாருக்கும் கீழ் என்று எடுத்துக்கொள்வார். நம் அட்டவணையில் அது 50 முதல் 59 வரை. ‘பி பிளஸ்’ 70 முதல் 79 வரை. ‘ஏ பிளஸ்’ 90 முதல் 100. ஆகவே இந்தச் சான்றிதழோடு தர விளக்கப் பக்கத்தை எப்போதும் இணைத்தே அனுப்ப வேண்டும்.

அதைவிட மறைவான கண்ணி ஒன்று உண்டு. இந்தத் தரங்களுக்குப் புள்ளி கொடுக்கும்போது ‘ஏ பிளஸ்’ பெறுவது 9தான், 10 இல்லை. அக்காள் மகள் ஒரு படிவத்தில் தன் எஸ்.எஸ்.எல்.சி. சராசரி 8.1 என்று எழுதி, அளவுக் கட்டத்தில் 10 என்று போட்டிருந்தாள். “எல்லோரும் 10 தானே போடுகிறார்கள், மாமா?” என்றாள். 10க்கு 8.1 என்றால் 81 சதவீதம் போலத் தெரியும், 9க்கு 8.1 என்றால் அது சரியாக 90. அனுப்பும் பொத்தானை அவள் இன்னும் அழுத்தவில்லை. கட்டத்தில் 9 என்று திருத்தி, விளக்கப் பக்கத்தின் ஸ்கேனை இணைத்துவிட்டு அழுத்தச் சொன்னேன்.